பின்னட்டைக் குறிப்பும் பாட்காஸ்ட் அறிமுகமும்: ஒன்றே போதுமா, இரண்டு வேண்டுமா?

புத்தகம் அச்சுக்குப் போகும் நேரத்தில் பதிப்பாளர் கடைசியாகக் கேட்பது ஆசிரியர் குறிப்பைத்தான். ஒரு கதையின் கடைசி வரியை மாதக்கணக்கில் மாற்றி மாற்றி எழுதியவர்கூட, தன்னைப் பற்றிய அந்த ஏழெட்டு வரியை வேலைவிட்டு எம்ஆர்டியில் வீடு திரும்பும்போது தட்டி அனுப்பிவிடுவார். சிங்கப்பூரில் பெரும்பாலும் ஏப்ரலில், தமிழ்மொழி விழாவை ஒட்டி, நூல் வெளிவரும். அடுத்த சில வாரங்களில் பாட்காஸ்ட் ஒன்றிலிருந்து அழைப்பு வரும். "உங்களைப் பத்தி நாலு வரி அனுப்புங்க" என்பார் நெறியாளர். பின்னட்டையில் இருப்பதை அப்படியே படமெடுத்து அனுப்புவார்கள்.

இந்த இடத்தில் எழுத்தாளருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரே குறிப்பை இரண்டுக்கும் கொடுக்கலாம். இரண்டையும் தனித்தனியாக எழுதலாம். எழுதும் பொறுப்பைப் பதிப்பாளரிடமும் நெறியாளரிடமும் விட்டுவிடலாம். என் தேர்வு இரண்டாவது. முதல் நூல் எழுதுகிறவர்களின் படிகளைத் திருத்திக் கொடுப்பவள் நான். இந்தக் குறிப்புக்குச் செலவிடும் ஒரு மணி நேரம் வீணாகாது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏன் அப்படி என்று ஓர் எழுத்தாளரை வைத்தே காட்டுகிறேன். அவர் பெயரும் நூலின் பெயரும் இங்கே தேவையில்லை.

அவர் ஒரு தாதி. பட்டுக்கோட்டையில் பிறந்து 2004இல் இங்கே வேலைக்கு வந்தவர். பன்னிரண்டு சிறுகதைகள் கொண்ட முதல் தொகுப்பு. கதைகளில் பெரும்பாலானவை இரவு நேர மருத்துவமனை வார்டில் நடப்பவை. நோயாளியின் கட்டிலருகே நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கும் பணிப்பெண், மகன் வருவானா என்று மூன்று மொழிகளில் கேட்கும் முதியவர், இப்படி. சென்னைப் பதிப்பாளர் தயாரித்து அனுப்பிய முதல் குறிப்பு இது:

"பன்முகத் திறன் கொண்ட இவர், தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டையில் பிறந்தவர். கடந்த இருபது ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் வசித்து வருகிறார். சிறுவயது முதலே வாசிப்பில் தீராத ஆர்வம் கொண்டவர். தற்போது அரசு மருத்துவமனை ஒன்றில் மூத்த தாதியாகப் பணியாற்றி வருகிறார். இவரது படைப்புகள் பல்வேறு இதழ்களில் வெளிவந்துள்ளன. பல போட்டிகளில் பரிசுகள் வென்றுள்ளார். கணவர், இரு பிள்ளைகளுடன் உட்லண்ட்ஸில் வசிக்கிறார். இது இவரது முதல் சிறுகதைத் தொகுப்பு."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெயரை மறைத்துவிட்டு வேறொருவர் புத்தகத்தில் இதை ஒட்டினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஊரையும் வேலையையும் மாற்றினால் போதும். குறிப்பு தேறியதா என்று அறிய நான் வைத்திருக்கும் முதல் சோதனை இதுதான்.

அச்சில் வரும் குறிப்பின் முதல் சிக்கல் காலம். "கடந்த இருபது ஆண்டுகளாக" என்ற தொடர் அச்சாகிற ஆண்டில் மட்டுமே சரி. தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புகளில் பலவற்றுக்கு இரண்டாம் அச்சு வருவதில்லை. வந்தாலும் பின்னட்டையை யாரும் திருத்துவதில்லை. சிங்கப்பூரில் வெளியிடப்படும் நூலின் இரண்டு படிகளைச் சட்டப்படி தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். அவை பாதுகாக்கப்படும். நாற்பது ஆண்டு கழித்து ஒரு மாணவர் அந்தப் படியை எடுத்துப் பார்க்கும்போது, எழுத்தாளரைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் ஒரே தகவல் அந்த ஏழெட்டு வரியாக இருக்கலாம். "கடந்த இருபது ஆண்டுகளாக" என்பதை வைத்து அவர் எப்போது வந்தார் என்று கணக்குப் போட வேண்டியிருக்கும். "2004 முதல்" என்று எழுதினால் அது என்றைக்கும் சரி. "தற்போது" என்ற சொல்லுக்கும் இதே கதிதான். பதவியும் அப்படியே. மூத்த தாதி அடுத்த ஆண்டு தாதிமை மேலாளர் ஆகலாம், வேலையையே விடலாம். "தொழிலால் தாதி" என்று எழுதினால் காலம் அதைத் தொடாது.

இரண்டாவது சிக்கல் எதைச் சொல்லாமல் விடுவது என்பது. கணவர், பிள்ளைகள், வசிக்கும் வட்டாரம் மூன்றையும் நான் எடுத்துவிடச் சொன்னேன். ஆண் எழுத்தாளர்களின் குறிப்பில் மனைவி மக்கள் வருவது குறைவு. பெண்களுக்கு மட்டும் அதை ஒரு சான்றிதழ்போல் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. நூல் குடும்பத்தைப் பற்றியது என்றால் அது வேறு. வட்டாரத்தை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இந்த ஊரின் அளவு. உட்லண்ட்ஸ், அரசு மருத்துவமனை, மூத்த தாதி, பட்டுக்கோட்டை என்று நான்கு தகவல்கள் சேர்ந்தால் அவர் எந்த மருத்துவமனையில் வேலை செய்கிறார் என்று எளிதில் ஊகித்துவிடலாம். கதைகளில் நோயாளிகள் வருகிறார்கள். எல்லாம் கற்பனைதான் என்றாலும், 'என் தகப்பனாரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்' என்று யாராவது ஒருவர் நினைத்தால் அதன் பாரத்தை எழுத்தாளர்தான் வேலையிடத்தில் சுமக்க வேண்டும். மருத்துவம், பள்ளி, காவல், சமூக சேவைத் துறைகளில் இருப்பவர்கள் துறையைச் சொல்லி நிறுவனத்தை விட்டுவிடுவது நல்லது. நிறுவனத்தின் பெயரைப் போட்டே ஆக வேண்டுமென்றால் முதலாளித் தரப்பின் அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிறந்த ஊரை மட்டும் வைத்துக்கொண்டோம். இதில் இருவேறு கருத்து உண்டு. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்து என்று பேசும்போது, இங்கே பிறந்து வளர்ந்தவரா, பிறகு வந்தவரா என்ற கேள்வி வாசகர் மனத்தில் எழத்தான் செய்கிறது. அதை மறைக்கும் குறிப்பு எதையோ ஒளிக்கிறது என்ற எண்ணத்தைத் தரும். பிறந்த ஊரையும் வந்த ஆண்டையும் வெளிப்படையாக எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடைக்கிறது. அதோடு நூல் சென்னையிலும் கோலாலம்பூரிலும் விற்கும். அங்கே வாசிப்பவர், இந்த வார்டை எழுதியவர் அதற்குள் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துகொள்வது கதைக்கும் உதவும்.

மூன்றாவது பரிசுகள். "பல போட்டிகளில் பரிசுகள்" என்ற தொடருக்கு வாசகரிடம் மதிப்பே இல்லை. எந்தப் போட்டி, எந்த ஆண்டு, என்ன பரிசு என்று ஒன்றையாவது சொல்ல வேண்டும். முடியாவிட்டால் மொத்தமாக விட்டுவிட வேண்டும். சொல்லும்போது அளவு தவறக் கூடாது. தேசியக் கலை மன்றத்தின் தங்கமுனை விருது அச்சில் வராத படைப்புகளுக்கானது. சிங்கப்பூர் இலக்கியப் பரிசு வெளிவந்த நூலுக்கானது. இரண்டையும் குழப்பி எழுதினால் இங்குள்ளவர்கள் உடனே கவனிப்பார்கள். இறுதிப் பட்டியலில் இடம்பெற்றதைப் "பரிசு பெற்றவர்" என்று எழுதுவது எழுத்தாளரின் மற்ற உண்மைகளையும் சேர்த்துச் சந்தேகத்துக்குள்ளாக்கும். நம் தாதிக்கு உள்ளூர்ச் சிறுகதைப் போட்டி ஒன்றில் மூன்றாம் பரிசு கிடைத்திருந்தது. அந்தக் கதை தொகுப்பில் இல்லை. விட்டுவிடலாம் என்று அவரே சொன்னார்.

இத்தனை கழித்தபின் என்ன மிஞ்சும் என்று அவருக்குக் கவலை. நான் சில கேள்விகள் கேட்டேன். இரவுப் பணி யாருக்கும் பிடிக்காதே, உங்களுக்கு எப்படி என்றேன். "நான் கேட்டு வாங்கினதுங்க. பகல்ல வார்டு சத்தமா இருக்கும். ராத்திரிதான் ஆளுங்க பேசுவாங்க" என்றார். குறிப்புக்குத் தேவையான வரி கிடைத்துவிட்டது. அச்சுக்குப் போனது இது:

"பட்டுக்கோட்டையில் பிறந்தவர், 2004 முதல் சிங்கப்பூரில் வாழ்கிறார். தொழிலால் தாதி. இரவுப் பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். முதல் சிறுகதை 2015இல் வெளியானது. இத்தொகுப்பின் பன்னிரண்டு கதைகளும் 2016க்கும் 2023க்கும் இடையே எழுதப்பட்டவை. இது முதல் நூல்."

முப்பது சொல்லுக்கும் குறைவு. பெயரே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். முன்னட்டையிலும் முதுகிலும் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரைப் பின்னட்டையில் மறுபடி சொல்லி ஒரு வரியை இழக்க வேண்டாம். டெமி அளவுப் புத்தகத்தின் பின்னட்டையில் நூலைப் பற்றிய பத்தி, புகைப்படம், பதிப்பக முத்திரை, விலை, பார்கோடு எல்லாம் போக ஆசிரியர் குறிப்புக்குக் கிடைப்பது உள்ளங்கை அகலம். நூறு சொல் எழுதிக் கொடுத்தால் வடிவமைப்பாளர் எழுத்தைச் சுருக்குவார்; சுருங்கிய எழுத்தை, அதுவும் அடர்நிற அட்டையில் வெள்ளையாக அச்சாவதை, நடுவயதைத் தாண்டியவர் படிக்க மாட்டார். அட்டையில் உள்மடிப்பு இருந்தால் ஐம்பது அறுபது சொல்வரை போகலாம்.

இனி பாட்காஸ்ட். மேலே உள்ள குறிப்பு அச்சில் நன்றாக நிற்கிறது. அதையே நெறியாளர் வாசித்தால் என்ன ஆகும்? "பட்டுக்கோட்டையில் பிறந்தவர் இரண்டாயிரத்து நான்கு முதல் சிங்கப்பூரில் வாழ்கிறார்" என்று தொடங்கும். யாரைப் பற்றி என்று கேட்பவருக்குத் தெரியாது. "2016க்கும் 2023க்கும் இடையே" என்பதை வாயால் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்கு இரண்டு எண்களாகத் தெரிவது, வாய்க்கு அரை வரி நீளச் சொற்கூட்டம். கேட்பவர் பின்னால் போய்ப் பார்க்கவும் முடியாது. பேருந்தில் நிற்கிறார், அல்லது சமைத்துக்கொண்டிருக்கிறார்.

அதைவிடப் பெரிய சிக்கல் நடை. நம் பாட்காஸ்ட்கள் பேச்சுத் தமிழில்தான் நடக்கின்றன. நெறியாளர் "இவர் சிங்கப்பூரில் வாழ்கிறார்" என்று எழுத்துத் தமிழில் வாசித்துவிட்டு, அடுத்த மூச்சில் "எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா" என்று இறங்கும்போது நிகழ்ச்சி அங்கே விரிசல்விடுகிறது. முதலில் பேசியவர் செய்தி வாசிப்பாளர், அடுத்துப் பேசுகிறவர் நண்பர் என்று கேட்பவர் காதில் விழும். தேர்ந்த நெறியாளர் எழுத்துத் தமிழை வாய்க்குள்ளேயே மாற்றிக்கொள்வார். ஆனால் "பணியாற்றி வருகிறார்", "வெளிவந்துள்ளன" போன்ற முடிவுகள் நிறைந்த வரியை ஓடுகிற ஓட்டத்தில் மாற்றுவது எளிதல்ல. பாதியில் தடுக்கும். ஆகவே அறிமுகத்தைப் பேச்சுத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள் என்கிறேன். எழுத்தில் பார்க்கக் கொச்சையாக இருக்கிறதே என்று சிலர் தயங்குவார்கள். அது கண்ணுக்கானதல்ல என்பதை நினைவில் வைத்தால் போதும்.

இன்னொன்றும் உண்டு. பலர் தவறவிடுவது இதைத்தான். பாட்காஸ்ட் அறிமுகம் முடிந்தவுடன் முதல் கேள்வி வரும். அந்தக் கேள்விக்கான பதிலை அறிமுகமே சொல்லிவிட்டால் விருந்தினருக்குப் பேச எதுவும் இருக்காது. இரவுப் பணியைக் கேட்டு வாங்கினார், காரணம் இது என்று நெறியாளர் வாசித்துவிட்டு, "ஏன் ராத்திரி வேலையைத் தேர்ந்தெடுத்தீங்க?" என்று கேட்டால், நம் தாதி "நீங்க சொன்ன மாதிரி" என்றுதான் தொடங்க வேண்டும். எந்தப் பாட்காஸ்டிலாவது விருந்தினரின் முதல் பதில் அந்தச் சொற்களில் தொடங்கினால், அறிமுகம் அளவுக்கு மீறிப் பேசிவிட்டது என்று அறியலாம். பின்னட்டைக் குறிப்பில் மிகச் சுவையான தகவலை வைக்க வேண்டும். பாட்காஸ்ட் அறிமுகத்தில் அதன் வாசல்வரை போய் நின்றுவிட வேண்டும். ஒரே குறிப்பு இரண்டுக்கும் பொருந்தாது என்று நான் சொல்வதற்கு நீளமோ நடையோகூட அல்ல, இதுதான் முதல் காரணம்.

அவருக்காக எழுதிய அறிமுகம் இப்படி அமைந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பவை பெயர்கள் வரும் இடங்கள்.

"இன்னைக்கு நம்மகூட (பெயர்) இருக்காங்க. தாதியா வேலை பார்க்கிறாங்க, அதுவும் ராத்திரியில. வார்டுல விளக்கு அணைஞ்சதுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரியும். அதைப் பன்னிரண்டு சிறுகதையா எழுதியிருக்காங்க. போன மாசம் புத்தகமா வந்திருக்கு, பேரு (நூலின் பெயர்). (பெயர்) அக்கா, வணக்கம், வாங்க. ராத்திரி மூணு மணிக்கு ஒரு வார்டு எப்படி இருக்கும்?"

நிதானமாக வாசித்தால் அரை நிமிடத்துக்குள் முடியும். பெயர் இரண்டு முறை வருகிறது, ஏனென்றால் காதுக்கு முன்னட்டை கிடையாது. நிகழ்ச்சி நடுவிலும் ஒருமுறை பெயரையும் நூலையும் சொல்லும்படி நெறியாளரைக் கேட்டுக்கொள்வது நல்லது. பின்னட்டையில் நான் அடித்துத் தள்ளிய காலச் சொல் இங்கே உரிமையோடு வந்து உட்கார்ந்துவிட்டது: "போன மாசம்". ஒலிப்பதிவுக்கு வெளியான தேதி பக்கத்திலேயே இருக்கும். கேட்பவர் பேச்சின் காலத்துக்குள் தன்னை வைத்துக்கொள்வார். பட்டுக்கோட்டையும் 2004உம் இங்கே இல்லை. அவை உரையாடலில் தாமாக வரும். அவர் வாயால் வரும்போதுதான் அழகாகவும் இருக்கும்.

"அக்கா" என்பதைப் பற்றி நெறியாளரோடு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். இளைய நெறியாளர் மூத்த எழுத்தாளரை எப்படி அழைப்பது, அக்காவா, அம்மாவா, "மேடமா", வெறும் பெயரா என்பதை ஒலிவாங்கி திறந்தபிறகு முடிவு செய்தால் முதல் சில நிமிடங்கள் இருவருக்கும் கூச்சமாகவே போகும். ஐம்பது வயது எழுத்தாளரை "அம்மா" என்றதும் அவர் குரல் சுருங்கியதை நான் கேட்டிருக்கிறேன். தனக்கு எது பிடிக்கும் என்று எழுத்தாளரே அறிமுகத்தில் எழுதி அனுப்பிவிடலாம்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். பதிப்பாளரே எழுதட்டும், நெறியாளரே எழுதட்டும் என்று விடுபவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. தமிழில் தன்னைப் பற்றித் தானே "எழுதினார்", "பெற்றார்" என்று மரியாதை விகுதி போட்டு எழுதக் கை கூசுகிறது. அந்தக் கூச்சம் நல்ல குணம்தான். ஆனால் அதன் விளைவு நேர் எதிராகிறது. பிறர் எழுதும்போது அடைமொழிகள் சேரும். "பன்முகத் திறன்", "தீராத ஆர்வம்" எல்லாம் அந்த வழியாகத்தான் வருகின்றன. தன் அடக்கத்தால் ஒதுங்கியவர், தான் ஒருபோதும் சொல்லாத புகழ்ச்சியைத் தன் புத்தகத்தின் முதுகில் சுமக்கிறார். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. முதலில் "நான்" என்று எழுதுங்கள்: நான் பட்டுக்கோட்டையில் பிறந்தேன், 2004இல் வந்தேன். எல்லாம் எழுதி முடித்தபிறகு கடைசியாக "பிறந்தவர்", "வந்தவர்" என்று மாற்றுங்கள். "நான்" என்று எழுதும்போது யாருக்கும் "பன்முகத் திறன்" கையில் வராது.

நெறியாளரிடம் விடுவதில் வேறு ஆபத்து. அவர் தேடிக் கண்டுபிடித்ததை வாசிப்பார். பழைய வேலை, தவறான ஊர், இன்னொருவருடைய பரிசு எல்லாம் கலந்துவிடும். நிகழ்ச்சி தொடங்கியதும் அதைத் திருத்துவது விருந்தினருக்குச் சங்கடம், திருத்தாமல் விடுவது அதைவிடச் சங்கடம். "உங்களைப் பத்தி நீங்களே சொல்லுங்களேன்" என்று தொடங்கும் நெறியாளர்களும் உண்டு. மேடைப் பழக்கம் உள்ளவருக்கு அது ஒத்துவரும். மற்றவர்கள் பிறந்த ஊரில் தொடங்கிப் படித்த பள்ளிவரை சொல்லி முடிப்பதற்குள் நான்கு நிமிடம் போய்விடும், கேட்பவரும் போய்விடுவார்.

ஒரே குறிப்பு போதுமான இடங்களும் இல்லாமல் இல்லை. நீரிழிவு பற்றி மருத்துவர் எழுதிய நூல், வரிச் சட்டம் பற்றி வழக்கறிஞர் எழுதிய நூல் போன்றவற்றில் அவருடைய தகுதிதான் வாசகருக்கும் கேட்பவருக்கும் முதல் தேவை. என்ன படித்தார், எத்தனை காலம் அந்தத் துறையில் இருக்கிறார் என்பது இரண்டிலும் முன்னால் வர வேண்டும். அங்கே நடையை மட்டும் மாற்றினால் போதும், தகவலை மாற்ற வேண்டியதில்லை. கவிதை நூலுக்கு இரண்டு வரிக்கு மேல் எழுதுவதை நான் விரும்புவதில்லை.

பாட்காஸ்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிகழ்ச்சிக்குக் கீழே திரையில் வரும் விவரக் குறிப்பு கண்ணால் படிப்பது. அங்கே பின்னட்டைக் குறிப்பை அப்படியே போடலாம், ஆண்டுகளும் நன்றாகவே இருக்கும். ஆனால் கைப்பேசித் திரையில் முதல் ஓரிரு வரிதான் விரிக்காமல் தெரியும். எனவே அங்கே மட்டும் எழுத்தாளர் பெயரும் நூலின் பெயரும் குறிப்புக்கு முன்னால் வர வேண்டும்.

அந்த விவரக் குறிப்பில் ஆங்கில எழுத்தில் பெயர் எப்படி வருகிறது என்று கட்டாயம் பாருங்கள். நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதலாம். முதலெழுத்து முன்னால் வரும், பின்னால் வரும், சில நேரம் தகப்பனார் பெயர் முழுதாக வரும். நிகழ்ச்சியைக் கேட்ட ஒருவர் நூலக வாரியத்தின் பட்டியலில் தேடும்போது, நூலின் பதிப்புரிமைப் பக்கத்தில் உள்ள எழுத்துக்கூட்டலும் பாட்காஸ்டில் உள்ளதும் ஒன்றாக இருந்தால்தான் புத்தகம் கையில் சிக்கும். நம் தாதியின் பெயரைப் பதிப்பாளர் ஒரு விதமாகவும் நெறியாளர் இன்னொரு விதமாகவும் எழுதியிருந்தார்கள். அச்சில் ஏறிவிட்டதை மாற்ற வழியில்லை என்பதால் நெறியாளருக்குச் செய்தி அனுப்பி, விவரக் குறிப்பை அன்றே புத்தகத்தில் உள்ளபடி மாற்ற வைத்தோம்.